மன்னிக்கப்பட்ட காளியப்பன்

பள்ளிபாளையத்திலிருந்து திருச்செங்கோடு போகிற வழியில் இருக்கும் எங்கள் நூல் மில்லில் குறைதீர்க்கும் குழு என்று ஒன்று வெகுகாலமாக இருந்தது. எங்கே இருந்தது என்றால், நோட்டீஸ் போர்டில் இருந்தது. ஆறு பேரின் போட்டோ, நிர்வாகத் தரப்பில் மூவர், தொழிலாளர் தரப்பில் மூவர், கீழே ஒரு புகார்ப் பெட்டி. வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் மில்லைப் பார்வையிட வரும்போது அந்தப் போர்டைத் துடைப்போம். மற்ற நாட்களில் பெட்டிக்குள் பல்லி குடியிருந்தது. பல்லிக்கு ஒரு குறையும் இல்லை.

நான் தமிழ்ச்செல்வி, இந்த மில்லின் மனிதவள அலுவலர். குழுவுக்குச் செயலாளரும் நான்தான். செயலாளர் என்றால் நோட்டீஸ் கொடுக்கலாம், குறிப்பு எழுதலாம், டீ சொல்லலாம். ஓட்டு மட்டும் கிடையாது. வாய் இருக்கிறது, அதை யாரும் பிடுங்க முடியாது என்பதால் விட்டு வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பெட்டிக்கு முதல் வேலை வைத்தவர் காளியப்பன். பஞ்சைப் பிரித்து உதிர்க்கும் புளோ ரூமில் ஃபிட்டர். ஒரு நாள் மதியம் அங்கே தீப்பிடித்தது. பஞ்சு இருக்கிற இடத்தில் தீ புதிதல்ல, ஆனால் அன்றைக்குக் கொஞ்சம் பெரிதாகவே பிடித்தது. அணைத்து முடித்த நேரத்தில் பெரிய முதலாளி சரவணமுத்து காரில் வந்து இறங்கினார். கருகிய மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்பேனர் கிடந்ததைப் பார்த்தார். ஃபிட்டர் ஸ்பேனரை உள்ளே மறந்து வைத்திருக்கிறான், இரும்பு உரசிப் பொறி கிளம்பியிருக்கிறது என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டார். அந்த நிமிஷமே காளியப்பனை வேஸ்ட் குடோனுக்கு மாற்றச் சொல்லிவிட்டு, வந்த காரிலேயே ஏறிப் போனார்.

சம்பளத்தில் கை வைக்கவில்லை, அதனால் எல்லோரும் இதைச் சின்ன விஷயம் என்றார்கள். இருபது வருஷமாக மெஷினைத் தொட்ட கை, கழிவுப் பஞ்சை மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. அதைவிட, மில்லில் அவருக்கு 'ஸ்பேனர்' என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது. கேன்டீனில் தட்டு கழுவுகிறவர் வரைக்கும் 'ஸ்பேனர் வந்தாச்சு' என்றார்கள். மனுஷன் சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுவந்து குடோனிலேயே சாப்பிட ஆரம்பித்தார்.

ஒரு வாரம் கழித்து என் மேஜை முன்னால் வந்து நின்றார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"பழைய வேலை குடுத்தாலும் செரி, குடுக்காட்டியும் செரிங்க மேடம். நான் தப்புப் பண்ணுனனா இல்லியான்னு என்னைய ஒரு வார்த்தை கேக்கோணுமில்லீங்க?"

கேட்க வேண்டும். அதற்குத்தான் சட்டமே இருக்கிறது. ஒருவர் மேல் குற்றம் சொன்னால் என்ன குற்றம் என்று அவருக்குச் சொல்ல வேண்டும், அவர் பக்கத்தைக் கேட்க வேண்டும், சம்பந்தப்பட்டவரே நீதிபதியாக உட்காரக்கூடாது, முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டும். இதில் எதுவும் ராக்கெட் விடுகிற வேலை இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கூட விளையாட்டில் இதைத்தான் கேட்டுச் சண்டை போடுகின்றன.

எங்கள் மில்லின் நடைமுறைப்படி குறையை முதலில் வாய்மொழியாகப் பிரிவின் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். அங்கே தீரவில்லை என்றால் எழுத்து மூலமாக மேலாளரிடம், அங்கும் தீரவில்லை என்றால் குழுவிடம். புளோ ரூம் சூப்பர்வைசர் தீனதயாளன். காளியப்பன் போய்ச் சொன்னபோது அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, முதலாளி போட்ட ஆர்டரில் நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டாராம். மேலாளர் அர்த்தநாரி வானத்தைப் பார்த்துக்கொண்டு அதையே சொன்னார். இப்படியாக இரண்டு படிகளும் முறைப்படி ஏறி முடிந்தன.

மனுவை வாங்கி, பதிவேட்டில் ஏற்றி, ஒப்புகைச் சீட்டு கொடுத்தேன். புதிய தொழில் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வருவதற்கு முன் நடந்த கதை இது. அப்போது மனு கிடைத்த நாற்பத்தைந்து நாளுக்குள் குழு விசாரித்து முடிக்க வேண்டும். அந்த வருஷம் குழுவின் தலைவர் பதவி தொழிலாளர் தரப்பின் முறை. ஒரு வருஷம் நிர்வாகம், மறு வருஷம் தொழிலாளர் என்று மாறி மாறி வரும். நூலைக் கூம்புகளில் சுற்றும் கோன் வைண்டிங்கில் வேலை செய்யும் ராஜம்மாள் அக்காதான் தலைவர். மில்லில் பாதிப் பேருக்குக் கல்யாணம் பேசி முடித்தவர். கோபமே வராது. அதுதான் பயம்.

குழுவைக் கூட்டியதும் முதல் சிக்கல் வந்தது. நிர்வாகத் தரப்பு உறுப்பினர்களில் ஒருவர் தீனதயாளன். எந்தப் பிரிவில் நடந்ததைப் பற்றி மனுவோ, அந்தப் பிரிவின் சூப்பர்வைசர் விசாரணை நாற்காலியில் உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்? விலகச் சொன்னேன். உடனே எழுந்துவிட்டார், நல்ல மனுஷன். அவர் இடத்துக்கு நிர்வாகம் இன்னொருவரை நியமித்தால்தான் இரு தரப்பும் சமமாக இருக்கும் என்று எழுதி அனுப்பி, ஸ்டோர்ஸிலிருந்து யோகேஷைக் கொண்டுவந்தேன். தம்மம்பட்டிப் பக்கத்துக்காரர், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்.

அடுத்து, காளியப்பன், தீனதயாளன் இருவரில் யாருக்காவது குழுவில் உறவுக்காரர் இருந்தால் சொல்லுங்கள் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. ராஜம்மாள் அக்கா தீனதயாளனுக்குச் சம்பந்தி. தொழிலாளர் தரப்பில் ஒருவர் தீனதயாளனுக்கு மச்சான் முறை, இன்னொருவர் காளியப்பனுக்குப் பங்காளி. நிர்வாகத் தரப்பில் உட்கார்ந்திருந்த அர்த்தநாரிக்கு தீனதயாளன் ஒன்றுவிட்ட மாமன். நிர்வாகத் தரப்பின் மூன்றாவது ஆளான கணக்குப் பிரிவுக்காரர் யோசித்து யோசித்து, காளியப்பன் மனைவி வழியில் ஒரு உறவைத் தோண்டி எடுத்தார், தன்னிடம் ஒன்றுமில்லை என்று சொல்ல அவருக்கு வெட்கம். யோகேஷ் மட்டும் யாருக்கும் எதுவும் இல்லை. எல்லோரும் அவரைப் பாவமாகப் பார்த்தார்கள்.

உறவுக்காரர்கள் எல்லாம் விலகினால் யோகேஷும் நாற்காலிகளும்தான் மிஞ்சும். அதனால் உறவைக் குறிப்பில் எழுதிவிட்டு, இவர்கள் விசாரிப்பதில் ஆட்சேபம் உண்டா என்று இரண்டு பேரையும் கேட்டேன். ராஜம்மாள் அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டு யார் ஆட்சேபம் சொல்வார்கள்? இருவரும் இல்லை என்றார்கள். அதையும் எழுதிக்கொண்டேன்.

மனுவின் நகலோடு இரண்டு பேருக்கும் விசாரணை நோட்டீஸ் கொடுத்தேன். உதவிக்கு ஒரு சக தொழிலாளியை அழைத்து வரலாம் என்றும் போட்டிருந்தேன். முதல் தேதியில் கோயில் பண்டிகை என்றார்கள். இரண்டாம் தேதியில் அர்த்தநாரிக்குக் கோயம்புத்தூரில் மீட்டிங். கெடு முடிய நாலைந்து நாள் இருக்கும்போதுதான் மூன்றாம் தேதி அமைந்தது.

அன்றைக்கு நான் ஃபைலோடு மீட்டிங் ரூமுக்குள் நுழைந்தால், எல்லோரும் முடிந்துபோன கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள். காளியப்பன் ஒரு ஓரத்தில் நின்றார். தீனதயாளனைக் காணோம். லீவாம். ஏன் என்று கேட்டால், அவர் வர வேண்டியதில்லை, அவரிடம் ஞாயிற்றுக்கிழமையே கேட்டாயிற்று என்றார் ராஜம்மாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை ஜலகண்டாபுரத்தில் ஒரு நிச்சயதார்த்தம். யோகேஷைத் தவிர குழுவே அங்கே பந்தியில் இருந்திருக்கிறது, தீனதயாளனும் இருந்திருக்கிறார். இலை போட்டுச் சாம்பார் வருவதற்குள் விசாரணையை முடித்துவிட்டார்கள்.

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. ஒருத்தர் சொன்னதை மற்றவர் காதால் கேட்டுப் பதில் சொல்ல வேண்டாமா, காளியப்பனுக்குத் தெரியாமல் எங்கோ சாப்பிட்டுக்கொண்டே கேட்டதெல்லாம் எப்படிச் சாட்சியாகும் என்று கேட்டேன். ராஜம்மாள் அக்காவுக்கு என் மேல் கோபமில்லை, பரிதாபம்தான்.

"ஏஞ்சாமி, ரெண்டு பேரையும் மொகத்துக்கு மொகம் நிறுத்தி வெச்சுக் கேட்டா, நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுல எப்புடி மூஞ்சியப் பாத்துக்குவாங்க? நாம மில்லு நடத்தறமா, ஊரு நடத்தறமா?"

இங்கே எல்லோருக்கும் இருக்கிற ஒரே வியாதி இதுதான். முகத்துக்கு நேரே கேட்பது மரியாதை இல்லை. முதுகுக்குப் பின்னால் முடிவெடுத்தால் அது மரியாதை. வேறு தேதி வைக்கச் சொன்னேன். கெடு முடிகிறதே, சட்டத்தை மீறலாமா என்று அர்த்தநாரி என்னிடமே திருப்பினார். என் ஆட்சேபத்தைக் குறிப்பில் எழுதினேன். எழுதத்தானே நான் இருக்கிறேன்.

காளியப்பனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். நல்ல நாற்காலி, ஃபேனுக்குக் கீழே. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்றைக்குப் பேரிங் என்று ஆரம்பித்தார். ராஜம்மாள் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நடந்ததைப் பேசிப் பேசி மனசைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம், எல்லாம் எங்களுக்குத் தெரியும், நீ எங்கள் பிள்ளை என்றார். தட்டில் இருந்த முறுக்கில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். காளியப்பன் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், கடிக்கவில்லை. அந்த முறுக்கைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

முடிவு: ஆறு மாதம் குடோனில் இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஐந்து பேர் கை தூக்கினார்கள். யோகேஷ் தனக்கு விஷயமே புரியவில்லை என்று சொல்லிக் கை தூக்காமல் இருந்தார். காரணம் எழுதாத முடிவு முடிவே இல்லை என்று நான் பிடித்த பிடியில் ஒரு வரி கிடைத்தது. 'இரு தரப்பு நலன் கருதி.' எந்த நலன், எப்படிக் கருதினார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

முடிவின் நகலைக் காளியப்பனிடம் கொடுத்து, திருப்தி இல்லையென்றால் மேல்முறையீடு செய்யலாம் என்று சொன்னேன். யாரிடம் என்று கேட்டார். அந்தச் சட்டத்தில் மேல்முறையீடு முதலாளியிடம்தான். ஒரு மாதத்துக்குள் அவர் முடிவு செய்து நகல் அனுப்ப வேண்டும். காளியப்பன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். நான் நோட்டீஸ் போர்டைப் பார்த்தேன். தீ அணைந்த இடத்தில் நின்று ஆர்டர் போட்டவரிடமே, அந்த ஆர்டர் சரியா என்று கேட்கச் சொல்கிறேன். சொல்லும்போதே என் வாய் கூசியது.

ஆனாலும் மனு கொடுத்தார். நான் அதோடு ஒரு குறிப்பையும் வைத்தேன். பெரிய முதலாளி போட்ட உத்தரவை எதிர்த்த மனு இது, அதை அவரே கேட்பது முறையாகாது, இன்னொரு பங்குதாரரான சின்ன முதலாளி ஆனந்தகுமார் கேட்கலாம் என்று. பெரியவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். தலைவலி விட்டது என்று கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிட்டார்.

அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டு இரண்டு வருஷம் ஆகிறது. ஏதோ நிலத்து விவகாரம். அண்ணன் வைத்த செடியைத் தம்பி பிடுங்குவார், தம்பி போட்ட கேட்டை அண்ணன் மாற்றுவார். ஃபைலோடு நான் சின்னவர் அறைக்குப் போனேன். காளியப்பனை எந்தத் தேதியில் வரச் சொல்லட்டும் என்று கேட்பதுதான் என் உத்தேசம்.

"இது எங்கண்ணன் போட்ட ஆர்டருங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. ஃபைலைத் திறக்கவே இல்லை. இடமாற்றத்தை ரத்து செய்கிறேன் என்று மேலே எழுதினார். தொழிலாளியின் பக்கத்தைக் கேட்காமல் எப்படி என்று இழுத்தேன். ஜெயிக்க வைத்தாயிற்று, இன்னும் எதற்கு அவரை அலைக்கழிக்க வேண்டும் என்று கேட்டார். நானும் வாயை மூடிக்கொண்டேன். நல்லது நடக்கும்போது நடைமுறை பேசுகிறவளுக்குப் பெயர் வேறு. வெளியே வந்து, என் சொந்தக் காசில் கால் கிலோ மைசூர்பாகு வாங்கினேன்.

உத்தரவு டைப் ஆகி வந்தது. காளியப்பன் அதை இரண்டு தரம் படித்தார். மைசூர்பாகு டப்பாவை நான் நீட்டியபடியே இருந்தேன்.

"'இம்முறை மன்னித்து' அப்புடின்னு போட்டிருக்குதுங்க."

அது அவர்கள் வழக்கமாகப் போடுகிற வார்த்தை, மில்லில் எந்த ஆர்டரை ரத்து செய்தாலும் டைப் அடிப்பவர் அதைப் போட்டுவிடுவார் என்றேன்.

"எதுக்கு மன்னிப்புங்க?"

அவர் டப்பாவை மெதுவாக என் பக்கம் தள்ளினார். சட்டைப் பையிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்தார். முந்தின நாளே எழுதி வைத்திருக்கிறார், ஜெயித்தாலும் தோற்றாலும் கொடுப்பதாக. 'எந்த நிலையிலும் என்னை விசாரிக்கவில்லை. விசாரித்துத் தப்பு உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும்.' அவ்வளவுதான்.

மில்லே சிரித்தது. ஜெயித்த கேசுக்கு மறுபடி மனுப் போட்டவன் என்றார்கள். அர்த்தநாரி, பைத்தியம் காளியப்பனுக்கா உங்களுக்கா என்று என்னைக் கேட்டார். மன்னிப்பு என்று எழுதினால் தப்பு என்று அர்த்தம், அந்தத் தப்பை யாரும் விசாரிக்கவில்லை, அதனால் இது புதுக் குறைதான் என்று சொல்லிப் பதிவேட்டில் ஏற்றினேன். இந்தத் தடவை டீயும் முறுக்கும் கிடையாது. தேதி ஒன்றுதான், இரண்டு பேரும் ஒரே ரூமில், இல்லையென்றால் காளியப்பனை அரசுத் தொழிலாளர் அலுவலகத்துக்கு நானே வழி சொல்லி அனுப்புவேன் என்றேன். ராஜம்மாள் அக்கா பெருமூச்சு விட்டார், ஆனால் வந்தார்.

காளியப்பனும் தீனதயாளனும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இரண்டு பேருமே மேஜையைப் பார்த்தார்கள். ராஜம்மாள் அக்கா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே, என்னைப் பார்த்து, இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். கேளுங்கள் அக்கா, அன்றைக்கு என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள் என்றேன்.

கேட்டார்.

காளியப்பன் சொல்ல ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை. காலையிலேயே பேரிங் சூடாக இருந்தது, மெஷினை நிறுத்த வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் சொன்னார். ஓடுகிற பஞ்சு லாட் முடியட்டும் என்று பதில் வந்தது. மதியம் தீப்பிடித்தது. உள்ளே தண்ணீர் அடிக்க மூடியைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றினார்.

"அந்த ஸ்பேனருங்க அது. தீய வெச்ச ஸ்பேனரு இல்லீங்க, அணைச்ச ஸ்பேனரு."

மெஷினைப் பிரித்தபோது ஸ்டோர்ஸுக்கு வந்த பேரிங் கருகி இறுகிப்போய் இருந்தது, தான் பார்த்ததாக யோகேஷ் சொன்னார். அது புளோ ரூம் பேரிங் என்று அப்போது அவரிடம் யாரும் சொல்லவில்லையாம். ராஜம்மாள் அக்கா தன் சம்பந்தியின் பக்கம் திரும்பினார். முகத்துக்கு நேரே கேட்கிற அந்த வேலை அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது தெரிந்தது. காளியப்பன் சொன்னது நிஜமா என்று கேட்டார்.

"நெசமுங்க" என்றார் தீனதயாளன். "நாந்தான் ஓட்டச் சொன்னேன். முதலாளி அன்னிக்கு லாரி நிக்குதுன்னு போன்ல சத்தம் போட்டாரு."

அப்படியானால் ஜலகண்டாபுரத்தில் எல்லாவற்றையும் சொன்னாயே என்றார் அக்கா. நான் என்ன சொன்னேன் என்று தீனதயாளன் திருப்பிக் கேட்டார். யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மச்சான் முறைக்காரர்தான் யோசித்துச் சொன்னார்: ஸ்பேனர் கதையை இவர்களே ஆளுக்கொன்றாகப் பேச, தீனதயாளன் தலையைக் குனிந்துகொண்டு, 'போனதப் பேசி என்னங்க, சாப்புடுங்க' என்றாராம். அதைத்தான் குழு வாக்குமூலமாக எடுத்துக்கொண்டது.

"இத்தன நாளு ஏஞ்சாமி இதச் சொல்லல?" என்று கேட்டார் அக்கா. குரலில் முதல் முறையாகக் கோபம் இருந்தது.

தீனதயாளன் நிமிர்ந்து, எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். கடைசியாக என்னை.

"எங்கிட்டயும் யாருங்க கேட்டீங்க?"

முடிவை எழுத எனக்குச் சிரமமே இல்லை. ஆறு பேரும் கை தூக்கினார்கள். தப்பு இல்லை, காரணம் இன்னது, உத்தரவில் 'மன்னித்து' என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும். சின்னவர் அதற்கும் கையெழுத்துப் போட்டார், இந்தத் தடவை முகம் மலராமல். லாரிக்காகச் சத்தம் போட்ட பெரியவரைப் பற்றிக் குழு எதுவும் சொல்லவில்லை. அவரை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை, கேட்காமல் எழுதக்கூடாது என்று ராஜம்மாள் அக்காவே சட்டம் பேசினார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது, தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது.

காளியப்பன் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போய் நின்றார். தீனதயாளன் கூடவே போய், கேன்டீனுக்கு வருகிறாயா என்று கேட்டது என் காதில் விழுந்தது. காளியப்பன் அவரை நேராகப் பார்த்தார்.

"வாரேனுங்க" என்றார். "இப்ப வாரேன்."